ரவுடிப் பட நையாண்டி எங்கே சறுக்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வட சென்னை ரவுடிப் படத்தின் வரிசை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். முதலில் கரகரத்த பின்னணிக் குரல், ஏரியாவின் பழைய கதை. ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர், அந்தப் பெயர் வந்த கதை. சுவரில் மாலை போட்ட ஒரு அண்ணனின் படம். கேரம் போர்டைச் சுற்றிப் பேச்சு, ஸ்கெட்ச், கூட இருந்தவனே செய்யும் துரோகம், கடைசியில் சம்பவம். இதை வைத்து நையாண்டி நாடகம் எழுதுகிற இளைஞர்கள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் நிறையப் பேர். ஒத்திகையில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேடையேறினால் பாதியில் சரிந்துவிடுகிறது. எந்த இடத்தில் சரிகிறது என்பதைப் பார்வையாளர்களின் முகத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

பேச வசதியாக ஒரே நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவின் தம்பிகள் எழுதி, திருத்தி, மேடையேற்றிய 'ஸ்ட்ரைக்கர்'. காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு கேரம் கிளப்புகளுக்கு நடுவே ஒரே ஒரு அறை. செத்துப்போன 'ரெட்' தாஸ் அண்ணன் விளையாடிய ஸ்ட்ரைக்கர், மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி காணாமல் போகிறது. நாயகன் 'பவுடர்' குமரன். அவன் கையில் எப்போதும் ஒரு போரிக் பவுடர் டப்பா இருக்கும். கணக்கு நோட்டு வைத்திருக்கும் சேகர் அவனுடைய உயிர் நண்பன். தாஸ் அண்ணனின் மனைவி ராணி, தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கிறார்.

அறிகுறி: முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு, அப்புறம் செல்போன் வெளிச்சம்

இதுதான் அதிகம் வரும் கோளாறு, ஆகவே இதை முதலில் பார்த்துவிடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் பார்வையாளர்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள்? "அட, இந்த சீன் நமக்குத் தெரியுமே" என்பதைக் கண்டு. அடையாளம் தெரிந்த மகிழ்ச்சி அது. அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குள் ஒரு ஆளுக்கு ஒரு ஆசை, ஒரு தடை, ஒரு கெடு என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் மிச்ச நேரம் முழுவதும் தனித்தனித் துணுக்குகள்தான்.

சோதிப்பது எப்படி? எழுத்துப்படியில் சிரிப்புக்காக எழுதிய வரிகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதைப் படம் பார்க்காத ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது "அப்புறம்" என்று வருகிறதா, "அதனால" என்று வருகிறதா என்று காது கொடுங்கள். 'ஸ்ட்ரைக்கர்' முதல் பிரதி இப்படி இருந்தது: குமரன் மெதுவாக நடந்து வருகிறான், அப்புறம் ஜெயில் காட்சி, அப்புறம் கானா, அப்புறம் அண்ணன் படத்துக்கு முன்னால் சபதம். ஒவ்வொன்றும் தனியாக நன்றாகவே இருந்தது. எதை எடுத்தாலும் இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை.

திருத்தத்துக்கு ஊரே கை கொடுத்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். அதனால் இரண்டு கிளப்பிலும் கூட்டம். அதனால் அறைக்குச் சண்டை. அறைக்காரர் ஒரு மேட்ச் வைக்கிறார்: ஜெயிக்கிற கிளப்புக்கே சாவி. ஜூன் 14 ராத்திரி தாண்டினால் எல்லோரும் படகில் ஏறிவிடுவார்கள், அதனால் அதற்குள் மேட்ச் முடிய வேண்டும். தாஸ் அண்ணனின் ஸ்ட்ரைக்கர் இருந்தால்தான் ஜெயிப்பேன் என்று குமரன் நம்புகிறான். அதனால் அது காணாமல் போனதும் கதை பற்றிக்கொள்கிறது. இதில் ஒரு நகைச்சுவைகூட இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் "ஸ்ட்ரைக்கரை எடுத்தது யார்?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அது தோன்றினால் அடித்த வரிகளைத் திரும்ப எழுத ஆரம்பிக்கலாம். அந்த ஜெயில் காட்சி திரும்ப வரவில்லை. அது நல்ல காட்சி, ஆனால் அதற்குக் கதையில் இடமில்லை.

அறிகுறி: வெளியிலிருந்து வந்தவர்கள் சிரிக்கிறார்கள், நம் தெரு சிரிக்கவில்லை

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். குறி படத்திலிருந்து நழுவி மனிதர்கள் மேல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எழுதியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. படம் காட்டுகிற வட சென்னையைக் கேலி செய்யப் போய், வட சென்னையையே கேலி செய்துவிடுவோம்.

கேரம் போர்டையே எடுத்துக்கொள்வோம். ரவுடிப் படத்தில் போர்டைச் சுற்றி உட்கார்ந்தால் அடுத்து யாரோ சாகப்போகிறார்கள். நிஜத்தில் இந்தத் தெருக்களிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்திலிருந்து போன காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். இதைத் தெரிந்த தெருவுக்கு முன்னால் "கேரம் ஆடறவன்லாம் கத்தி எடுக்கறவன்" என்பதை வைத்து நகைச்சுவை செய்தால் ஏன் சிரிப்பார்கள்? 'ஸ்ட்ரைக்கர்' நாடகத்தில் இதைத் தலைகீழாக மாற்றினோம். அங்கே எல்லோரும் கேரம் ஆடுகிறவர்கள், நன்றாக ஆடுகிறவர்கள். ஆனால் ரவுடிப் படம் நிறையப் பார்த்ததால், அதில் வருகிற மாதிரிதான் நடந்துகொள்ள வேண்டும் என்று நம்புகிறவர்கள்.

இங்கே தொல்காப்பியம் நேரடியாகப் பயன்படுகிறது. மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இகழ்ந்து சிரிப்பது. இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம், கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. உங்கள் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் எதிரே இந்த நான்கில் ஒன்றை எழுதிப் பாருங்கள். பக்கம் முழுக்க எள்ளல் என்று வந்தால் தெரு ஏன் சிரிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். பாசமுள்ள நையாண்டிக்கு முதுகெலும்பு மடன்தான். படம் சொல்லிக்கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒருவன், அது சற்றும் பொருந்தாத இடத்திலும் அதையே செய்கிறான். அவனை நாம் இகழ்வதில்லை. அவன் நம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்கிறோம், அவன் ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்கிறோம்.

உதாரணம்: எதிர் கிளப் பாலுவை மிரட்டக் குமரன் போகும் காட்சி. முதல் பிரதியில் குமரன் உளறினான், பயந்து ஓடினான். அது எள்ளல். திருத்திய பிரதியில் குமரன் படத்தில் வருகிற மாதிரியே சட்டைக்குப் பின்னால் கைவிட்டு, கண்ணிமைக்காமல், பவுடர் டப்பாவை உருவிப் பாலுவின் போர்டில் தட்டுகிறான். "ஆடு" என்கிறான். பாலுவும் அதே நம்பிக்கைக்காரன். அவன் பவுடரை விரலால் தொட்டுப் பார்த்து, முகம் வெளுத்து, "கட்டி இல்லாத பவுடர்டா..." என்கிறான். கட்டி விழுந்த பவுடர் போர்டில் ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் என்பது கேரம் ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். தெரு வெடித்துச் சிரித்தது அங்கேதான். அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்பதை அந்த வரி மதிக்கிறது.

பேச்சுமொழியிலும் இதே கோளாறு வரும். வரிக்கு வரி "இன்னா", "கஸ்மாலம்" என்று தூவினால் அது படத்து வட சென்னை. இங்கே பேசுகிறவர் அம்மாவிடம் ஒரு மாதிரி, ஏலக்காரரிடம் ஒரு மாதிரி, வாத்தியாரிடம் ஒரு மாதிரி பேசுவார். குமரன் பாலுவிடம் படத்து வசனம் பேசட்டும். ராணி அண்ணியிடம் "இன்னும் ரெண்டு இட்லி வைங்க அண்ணி" என்று சாதாரணமாகக் கேட்கட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, வேஷம் எது ஆள் எது என்று சொல்லாமலே புரிகிறது.

அறிகுறி: சிரிக்கிறார்கள், ஆனால் யாருக்கும் என்ன ஆகுமோ என்ற பதற்றம் இல்லை

நடிகர்களைப் பாருங்கள். யாராவது வசனம் சொல்லிவிட்டுப் பார்வையாளர் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கிறார்களா? "இது எல்லாப் படத்துலயும் வருமே" என்று பாத்திரமே சொல்கிறதா? அப்படியென்றால் மேடையில் இருப்பவர்களுக்கே ஸ்ட்ரைக்கர் முக்கியமில்லை. அவர்களுக்கு முக்கியமில்லாதது நமக்கு எப்படி முக்கியமாகும்?

கேலி செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேலி செய்கிற வேலையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வான். ஆனால் ராஜா தன் சபதத்தை விட மாட்டான், கதையும் நிற்காது. ரவுடிப் படத்தில் அந்த இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: பின்னணிக் குரல். 'ஸ்ட்ரைக்கர்' நாடகத்தில் அந்தக் குரல் சொல்வதெல்லாம் பெருங்காப்பியம், மேடையில் நடப்பதெல்லாம் வேறு. "அன்னிக்கு ராத்திரி காசிமேடு தூங்கல" என்று குரல் சொல்ல, மேடையில் எல்லோரும் குறட்டை. படகு போகாத மாதம், வேறு என்ன செய்வார்கள்? மேடையில் இருப்பவர்களுக்குக் குரல் கேட்காது. அதுதான் ஒரே விதி, அதை ஒரு தடவைகூட மீறக் கூடாது.

இந்த வரியை ஒத்திகையில் கேட்ட மீன் விற்கும் அக்கா ஒருவர் தம்பிகளைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் தூங்கறாங்கன்னு யார் சொன்னது? ஃபைபர் போட்டு போவுதே, தம்பி. தடை பெரிய போட்டுக்குத்தான்." உண்மைதான். தடை விசைப்படகுக்கு, சின்னப் படகுகள் போய்வரும். திருத்தினோம்: குறட்டை விடுகிறவர்களைத் தாண்டி ஒருவர் மட்டும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல், ஒவ்வொருவர் காலையும் மிதிக்காமல் நடந்து போகிறார். முன்னைவிட அதிகம் சிரிப்பு வந்தது. அத்துடன் கதைக்கும் ஒன்று கிடைத்தது. ராத்திரியில் தெருவில் ஒருவர் விழித்திருந்தார். யார் வெளியே போனது என்று பார்த்த சாட்சி அவர். சரியான தகவல் நகைச்சுவையைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அறிகுறி: நன்றாக இருந்த ஒரு நகைச்சுவை மூன்றாவது தடவை அலுக்கிறது

நம் நாடகத்தில் அது பவுடர் டப்பா. தம்பிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், காட்சிக்குக் காட்சி குமரன் டப்பாவை உருவினான். சிகரெட் புகைக்குப் பதில் பவுடரை ஊதினான். சபதம் போடும்போது நெற்றியில் பூசினான். மூன்றாவது தடவையே சபை களைத்துவிட்டது.

கேரமில் ஒரு சட்டம் உண்டு. ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றை ஃபாலோவாகப் போட வேண்டும். போடவில்லை என்றால் ரெட் மறுபடி போர்டுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நகைச்சுவைப் பொருளுக்கும் இதையே சட்டமாக வைத்துக்கொண்டோம். டப்பா வெளியே வரும் ஒவ்வொரு தடவையும், அதையொட்டிக் கதையில் ஏதாவது ஒன்று நகர வேண்டும். நகரவில்லை என்றால் அந்தத் தடவை கிடையாது.

அப்படிப் பார்த்ததில் மூன்று மட்டும் மிஞ்சியது. முதலாவது, பாலுவின் போர்டில் தட்டுவது: அதனால் மேட்ச் உறுதியாகிறது. இரண்டாவது, மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி கிளப் வாசலில் நின்று குமரன் பவுடரைப் புகை மாதிரி ஊதுகிறான். வாசல்படி முழுக்க வெள்ளை. சபை சிரிக்கிறது, அது எதற்கு என்று யாருக்கும் தோன்றாது. மூன்றாவது, விடிந்ததும் அந்த வெள்ளையில் ஒரு செருப்புத் தடம். இடது செருப்பின் குதிகால் தேய்ந்த தடம். கணக்கு நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும் சேகரின் செருப்பு. சிரிப்புக்காகக் கொட்டிய பவுடர்தான் துரோகியைக் காட்டிக்கொடுக்கிறது. சபையில் "ஹா" என்று ஒரு சத்தம் வரும், சிரிப்பா அதிர்ச்சியா என்று பிரிக்க முடியாது. ரவுடிப் படத்தில் நண்பனின் துரோகம் தெரிய வரும் இடமும் இதுதான். வடிவம் அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

சேகர் அப்படிச் சாய்ந்து நடப்பதை முதல் காட்சியிலேயே நடிகர் காட்டிவிட வேண்டும். ஆனால் அதைச் சிரிப்பாக்கக் கூடாது. அங்கே சிரிக்க வைத்துவிட்டால் பார்வையாளர் அதைத் தீர்ந்துபோன விஷயமாக ஒதுக்கிவிடுவார். தடத்தைப் பார்க்கும்போது நினைவுக்கு வராது.

அறிகுறி: சிலருக்கு மட்டும் புரிகிறது

ஒரு குறிப்பிட்ட படத்தின் குறிப்பிட்ட வசனத்தைத் தொட்டிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். பத்துப் படத்திலாவது வருகிற பழக்கத்தை மட்டும் தொடுங்கள். படமே பார்க்காத பாட்டி ஒருவரை ஒத்திகைக்குக் கூட்டி வந்தால் போதும், எது எது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: க்ளைமாக்ஸ் வந்ததும் காற்று போய்விடுகிறது

நையாண்டி எழுதுகிறவர்கள் அதிகம் நழுவுவது இங்கே. ரவுடிப் படம் முடிவில் ஒரு சம்பவம் நடக்கும் என்று முதல் நிமிடத்திலேயே வாக்குக் கொடுக்கிறது. நம் நாடகத்தில் கொலை வேண்டாம். சரி. ஆனால் வாக்கு வாக்குதான். எல்லோரும் சேர்ந்து ஆடிவிட்டு முடிப்பது, எல்லாம் கனவு என்பது, போலீஸ் வந்து கூட்டிப்போவது, இவை எல்லாம் வாக்கை ஏமாற்றும் வழிகள். பார்வையாளர் சிரிப்பார், ஆனால் வீட்டுக்குப் போகும்போது கை காலியாக இருக்கும்.

இந்த வகைப் படத்தில் முடிவுக்கு உண்மையான பலம் எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்து இல்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்த ஒருவர் பேசுவதிலிருந்து. செத்துப்போன அண்ணனின் மனைவி பல படங்களில் அப்படித்தான் நிற்பார்: பின்னால், அமைதியாக, மனதில் ஒரு கணக்கோடு. அந்தக் கணக்கை நாமும் தீர்த்தாக வேண்டும், கத்தி இல்லாமல்.

எங்கள் நாடகத்தில் சேகர் ஒப்புக்கொள்கிறான்: ஸ்ட்ரைக்கரை ராணி அண்ணி கேட்டார், கொடுத்துவிட்டான். குமரன் ஆட்களோடு, மெதுவான நடையோடு, பின்னணிக் குரலின் முழக்கத்தோடு இட்லிக் கடைக்குப் போகிறான். தெருவே ஒதுங்கி நிற்கிறது. அண்ணி இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறார். குமரன் குனிந்து பார்க்கிறான். தாஸ் அண்ணனின் ஸ்ட்ரைக்கர், ஆடுகிற கேஸ் அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறது.

"அண்ணி, அது அண்ணனோட ஸ்ட்ரைக்கர்."

"தெரியும் குமரா. அவுரு இருந்த வரைக்கும் இந்த வூட்ட நேராக்கல. அவுரு ஸ்ட்ரைக்கராச்சும் அடுப்ப நேராக்கட்டும்."

இந்த வரி எங்கே எழுதப்பட்டது என்பது முக்கியம். முதல் பிரதியில் இது நடுவில், வெறும் நகைச்சுவையாக வந்து போனது. கடைசிக்கு நகர்த்தியதும் அதுவே துரோகத்துக்குக் காரணமாகவும், இத்தனை நேரம் நாம் கும்பிட்ட அண்ணன் யார் என்பதற்குப் பதிலாகவும் ஆனது. சுவரில் மாலை போட்ட படத்தின் மறுபக்கத்தை ஒரே வரியில் காட்டிவிடுகிறது. அவரை வில்லனாகவும் ஆக்கவில்லை. நல்ல வரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், தப்பான காட்சியில். க்ளைமாக்ஸ் சரிகிறது என்றால் புதிதாக எழுத உட்காரும் முன், பழைய பிரதியில் நடுவே யார் உண்மையைப் பேசினார் என்று தேடுங்கள்.

அப்புறம் மேட்ச் இருக்கிறது, அதையும் முடிக்க வேண்டும். குமரன் ஸ்ட்ரைக்கரை எடுக்கவில்லை. வெறுங்கையோடு போர்டு முன் உட்காருகிறான். பாலு தன் ஸ்ட்ரைக்கரை அவன் பக்கம் தள்ளுகிறான். அவனுக்கும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் தாஸ் அண்ணன்தான் என்று மூன்றாம் காட்சியில் போகிறபோக்கில் சொல்லியிருந்தோம். எதிரி கடைசியில் கைகொடுப்பது இந்தப் படங்களின் பழக்கம். இங்கே அதற்குக் காரணமும் இருக்கிறது. குமரன் ரெட் போடுகிறான், ஃபாலோவும் போடுகிறான், சாவி கிடைக்கிறது.

மேடையில் கவனிக்க வேண்டிய ஒன்று: அடுப்புக் காட்சியில் அண்ணி பேசி முடித்ததும் பின்னணிக் குரல் நிற்க வேண்டும், மேட்ச் முடியும் வரை திரும்ப வரக் கூடாது. அங்கே குரல் ஒரு நகைச்சுவை சொன்னால் சபை சிரித்துவிடும், குமரன் ஸ்ட்ரைக்கரை விட்டுவிட்டு வருவது யாருக்கும் உறைக்காது. நடிகர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். குரல் திரும்புவது சாவி கைமாறிய பிறகு, ஜூன் 15 விடியலில், படகுகள் கிளம்பும்போது. "அன்னிலேர்ந்து அந்த ரூம் குமரனோட கோட்டை" என்று முழங்கட்டும். ஆடுவதற்கு ஆளில்லை, எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள். சேகர் மட்டும் சாய்ந்தபடி வந்து வாசல்படியைப் பெருக்குகிறான், விளக்கை அணைக்கலாம்.